பின்னட்டையில் எங்கே நிறுத்துவது?

ஜனவரி மாதத்து ஞாயிறு மாலை. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் ஏதாவதொரு கடையின் ஓரமாகப் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும், புதியவர் ஒருவரின் நாவல் எப்படி விலைபோகிறது, எப்படிப் போகாமல் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பின்னாலிருந்து கூட்டம் நெருக்குகிறது. ஒரு கை மேசையிலிருந்து புத்தகத்தை எடுக்கிறது. அட்டைப் படம் நன்றாக இருக்கிறது, ஆசிரியர் பெயர் கேள்விப்படாத பெயர். உடனே புத்தகம் புரள்கிறது. பின்னட்டையில் இரண்டு மூன்று வரிகளைப் படித்ததும் கண் நேரே கீழே இறங்கி விலையைப் பார்க்கிறது. விலையைப் பார்த்த பிறகு மறுபடி மேலே ஏறி, விட்ட இடத்திலிருந்து படித்தால் அந்தப் புத்தகத்துக்கு வாய்ப்பு இருக்கிறது. ஏறாவிட்டால் புத்தகம் மேசைக்கே திரும்பிவிடும்.

ஜெயகாந்தனையோ சுஜாதாவையோ தேடி வந்தவருக்குப் பின்னட்டை தேவைப்படாது. அவர் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். முதல் நாவல் எழுதியவருக்கு அந்த வசதி இல்லை. அவரை யாரும் கேட்டு வரப்போவதில்லை. மதிப்புரையும் இன்னும் வந்திருக்காது. இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய இருநூற்றைம்பது பக்கங்களுக்காகப் பேசக் கடைமேசையில் இருப்பது அந்த எழுபது எண்பது சொற்கள் மட்டும்தான். பின்னட்டைக் குறிப்பு என்று பதிப்பகங்களில் சொல்வது இதைத்தான். பின்னட்டை வாசகம் என்பாரும் உண்டு, பிளர்ப் என்றே சொல்வாரும் உண்டு.

பிளர்ப் என்ற சொல்லுக்கு ஊரும் வருடமும் உண்டு. 1907இல் அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் விருந்து ஒன்றுக்காக ஜெலட் பர்ஜஸ் என்ற நகைச்சுவை எழுத்தாளர் தன் புத்தகத்துக்குத் தனியாக ஒரு மேலுறை அச்சடித்தார். அதில் ஒரு பெண் வாயருகே கையை வைத்துக் கூவுவதுபோல் ஒரு படம், அவளுக்கு மிஸ் பெலிண்டா பிளர்ப் என்று ஒரு பெயர். அட்டையில் புத்தகத்தைப் பற்றிக் கூவுவதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வேலை மட்டும் அதற்கு முன்பே இருந்தது. வால்ட் விட்மன் 1855இல் தன் முதல் கவிதைத் தொகுப்பான ‘புல்லின் இதழ்க’ளை வெளியிட்டபோது, அன்றைக்குப் பெரிய சிந்தனையாளரான எமர்சன் அவருக்குப் பாராட்டி ஒரு கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில், அந்தக் கடிதத்தின் ஒரு வரியைத் தங்க எழுத்தில் பொறித்துவிட்டார் விட்மன். எமர்சனிடம் அனுமதி கேட்கவில்லை.

தமிழில் இந்த யோசனை இன்னும் பல நூற்றாண்டு பழையது, இன்னும் கறாரானது. நூலாசிரியன் எவ்வளவு பெரிய நூலைச் செய்து முடித்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்கிறது நன்னூல். ஆகவே சிறப்புப் பாயிரத்தை வேறொருவர்தான் எழுத வேண்டும். அவனுடைய ஆசிரியர், அவனோடு படித்தவர், அவனுடைய மாணவர், நூலுக்குத் தகுந்த உரையாசிரியர் என்று நான்கு பேரை அது அனுமதிக்கிறது. நான்கு பேருமே நூலை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் என்பது கவனிக்க வேண்டியது. பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் ஒரு வரிசை இருக்கிறது. ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று போகும் எட்டில் புகழ்ச்சிக்கென்று தனியிடம் இல்லை. இது யார் எழுதியது, எதைப் பற்றியது, யாருக்கானது என்ற மூன்றுக்கும் நேராகப் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது என்று அந்த இலக்கணம் கருதியிருக்கிறது. இன்றைய பல பின்னட்டைகள் இந்த மூன்றையும் விட்டுவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொள்கின்றன.

முடிவைச் சொல்லலாமா என்ற கேள்வியில்தான் பழைய வழி இன்றைக்கு உதவாது. சிலப்பதிகாரத்தின் பதிகம் கதையை முழுவதுமாக முன்னாலேயே சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் அதிலேயே வந்துவிடுகின்றன. கண்ணகி கதை ஏற்கெனவே ஊரறிந்த கதை. கேட்பவர் என்ன நடந்தது என்பதற்காக வரவில்லை, எப்படிப் பாடியிருக்கிறார் என்பதற்காக வந்தார். முதல் நாவலின் கதை ஊரறியாதது. அதன் முடிவு, ஆசிரியர் வாசகரிடம் கடைசிவரை கொடுக்காமல் கையில் வைத்திருக்கும் பொருள். அதைப் பின்னட்டையே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

இங்கே தமிழருக்குப் பழக்கமான வேறொரு பள்ளிக்கூடம் உண்டு. கொட்டகை வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம். உள்ளே பாட்டுகளோடு கதைச்சுருக்கமும் இருக்கும். நாயகன் யார், நாயகி யார், யாருக்கு யார் பகை என்று சொல்லிக்கொண்டே வந்து, சிக்கல் இறுகும் இடத்தில் கதை அறுந்துவிடும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். அந்தச் சுருக்கத்தை எழுதியவர்களின் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொடர்கதையில் ‘தொடரும்’ போடும் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அதே கைப்பழக்கம் இருந்தது.

ஒரு நாவலை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்து பார்த்தால்தான் இது விளங்கும். வத்தலக்குண்டு பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்று அது. ராஜமய்யருக்கு அதுவே முதல் நாவல். 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்து 1896இல் புத்தகமானபோது அவருக்கு வயது 24. இரண்டு வருடம் கழித்து இறந்துபோனார்; வேறு நாவல் எழுதவில்லை. அந்தக் காலத்துப் புத்தகத்தில் இன்றைக்குப்போல் பின்னட்டைக் குறிப்பு கிடையாது. அந்த நாவல் இந்த ஜனவரியில் முதல் முறையாக, பெயர் தெரியாத ஓர் இளைஞரின் புத்தகமாக மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால் பின்னட்டையில் என்ன எழுதலாம்? நாவலைப் படிக்காதவர்களும் பயமில்லாமல் மேலே படிக்கலாம், முடிவு இங்கே வராது.

முதலில் இடம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தமிழ் நாவல்கள் பெரும்பாலும் டெமி அளவில் வருகின்றன, அதாவது ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும். நாலு பக்கமும் அரை அங்குலம் ஓரம் விட வேண்டும். அடியில் பார்கோடு, ஐ.எஸ்.பி.என்., விலை, பதிப்பகத்தின் முத்திரை எல்லாம் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் படமும் நாலு வரிக் குறிப்பும் இன்னும் ஒன்றரை அங்குலம். மிச்சமிருக்கும் சதுரத்தில் வாசிக்க வசதியான 11 புள்ளி எழுத்தில் இருபது வரிகள் நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வரிக்கு ஐந்துதான் அடங்கும். பத்திகளுக்கிடையே கொஞ்சம் வெள்ளை விட்டால் எண்பது சொல். இதற்குமேல் எழுதினால் வடிவமைப்பாளர் எழுத்தைச் சிறிதாக்குவார். இருட்டான படத்தின்மேல் வெள்ளை நிறத்தில், மெல்லிய எழுத்துருவில், எட்டுப் புள்ளியில் அச்சாகும் தமிழில் சுழிகள் அடைந்துபோய் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரியும். கூட்டத்தில் நின்றுகொண்டு அதை யாரும் படிக்கப்போவதில்லை.

எண்பது சொல்லை வைத்துக்கொண்டு எழுதும்போது முதலில் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“சிறுகுளத்தில் செல்வாக்கோடு வாழும் முத்துஸ்வாமி ஐயர், அவர் மனைவி கமலாம்பாள், மகள் லக்ஷ்மி, மருமகன் ஸ்ரீனிவாசன், தம்பி சுப்பிரமணிய ஐயர், தம்பி மனைவி பொன்னம்மாள், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை ஆகியோரைச் சுற்றிப் பின்னப்பட்ட இந்நாவல், பொறாமையும் வம்பும் ஒரு குடும்பத்தை எப்படிச் சிதைக்கின்றன என்பதையும், இறுதியில் அவர்கள் எவ்வாறு ……… என்பதையும் விறுவிறுப்பாகச் சொல்கிறது.”

புள்ளியிட்ட இடத்தில் முடிவு இருந்தது, இங்கே எடுத்துவிடப்பட்டது. முடிவு உடைந்ததைவிடப் பெரிய தவறு ஒன்றும் இதில் இருக்கிறது. ஒரே வாக்கியத்தில் ஏழு பெயர்கள். முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் வாசலிலேயே ஏழு பேரை அறிமுகப்படுத்தினால் உள்ளே போவதற்குள் ஏழு பேரும் மறந்துவிடுவார்கள். பின்னட்டையில் இரண்டு பெயர் நிற்கும், மூன்றாவது பெயர் அவசியமானால் நிற்கும். மற்றவர்களை உறவாலோ தொழிலாலோ சொன்னால் போதும். தம்பி மனைவி, பண்டிதர் என்று. பெயரைவிட உறவு வேகமாக மனதில் பதியும், அதுவும் தமிழ் வாசகருக்கு. ‘தம்பி மனைவி’ என்று சொன்னவுடனே அந்த வீட்டில் என்ன நடக்கலாம் என்பது பாதி தெரிந்துவிடுகிறது.

இந்த வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். ஆசிரியரே எழுதினால் எந்தப் பாத்திரத்தையும் விட மனது வராது, எல்லோரும் அவர் பெற்ற பிள்ளைகள். இல்லாவிட்டால் நாவலுக்கு எழுதிய முன்னுரையிலிருந்து ஒரு பத்தியை வெட்டிப் பின்னட்டையில் போட்டுவிடுவார்கள். தமிழில் இந்த வழக்கம் பரவலானது, ஆபத்தானதும்கூட. முன்னுரை எழுதுபவர் நாவலை முழுக்கப் படித்து, அதன் முழு வளைவையும் பார்த்து, ஒரு கருத்தைச் சொல்கிறார். கருத்தின் உச்சம் பெரும்பாலும் முடிவைப் பற்றியதாக இருக்கும். அழகான பத்தி என்று வெட்டியெடுப்பது அதைத்தான்.

இரண்டாவது முயற்சியில் பெயர்கள் குறையும், அவற்றின் இடத்தில் அடைமொழிகள் வந்து உட்காரும்:

“மண்ணின் மணம் கமழும் மொழியில், வாழ்வின் அவலங்களை யதார்த்தமாகத் தோலுரித்துக் காட்டும் இந்த முதல் நாவல், தமிழ்ப் புனைவுலகில் தவிர்க்க முடியாத ஒரு புதிய குரலை அடையாளப்படுத்துகிறது. வாசித்து முடித்த பின்னும் நெஞ்சை விட்டு அகலாத எதிர்பாராத முடிவு.”

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கட்டைவிரலால் புத்தகத்தின் பெயரை மறைத்துக்கொண்டு படித்துப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கடையில் இருக்கும் மீனவர் நாவலுக்கும், அதற்கடுத்த கடையில் இருக்கும் மென்பொருள் ஊழியர் நாவலுக்கும் இதே வரிகள் பொருந்தினால், இது எந்த நாவலைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. புத்தகக் காட்சியில் வாசகர் ஒரு மாலைக்குள் இருபது முப்பது பின்னட்டைகளைப் பார்க்கிறார். மண்ணின் மணம் பத்தாவது முறை கமழும்போது அவருக்கு மணப்பதில்லை.

எதிர்பாராத முடிவு என்று எழுதுவதும் ஒரு வகையில் முடிவை உடைப்பதுதான். என்ன முடிவு என்று சொல்லவில்லையே என்று தோன்றலாம். ஆனால் திருப்பம் வரப்போகிறது என்று தெரிந்துவிட்ட வாசகர் முதல் பக்கத்திலிருந்தே காவல்காரரைப்போல விழித்திருப்பார், ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகப்படுவார். துப்பறியும் நாவல் என்றால் அது அவர் விரும்பிக் கேட்ட விளையாட்டு. குடும்பக் கதையில் அந்தச் சந்தேகம் ஆசிரியர் பக்கம் பக்கமாகக் கட்டியதைக் கலைத்துவிடும்.

அப்படியானால் எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது? பதிப்பகங்களில் கைக்கணக்காக நாவலின் முதல் கால்பங்கைச் சொல்வார்கள். 240 பக்க நாவல் என்றால் முதல் அறுபது பக்கத்துக்குள் வாசகருக்குத் தெரிந்துவிடும் செய்திகளைப் பின்னட்டையில் தாராளமாகச் சொல்லலாம். யார், எந்த ஊர், என்ன வாழ்க்கை, அதை யார் வந்து கலைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த அறுபது பக்கத்தில் வந்திருக்கும். கலைந்த பிறகு நடப்பது வாசகருக்குச் சொந்தம்.

இந்தக் கைக்கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் கமலாம்பாளின் கதை அதில் அடங்குவதில்லை. இந்த நாவல் புத்தகமாக வந்தபோது அதன் முழுத் தலைப்பு ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. பின்னட்டைக் குறிப்பு இல்லாத காலத்தில் ‘அல்லது’ போட்ட தலைப்புகள்தான் அந்த வேலையைச் செய்தன. ‘கும்பகோணம் வக்கீல் அல்லது திகம்பர சாமியார்’ என்று வடுவூர் துரைசாமி ஐயங்கார் பெயர் வைத்ததும் அதே மரபில்தான். ஒரு பெயர் கதையின் ஆளைச் சொல்லும், இன்னொரு பெயர் கதையின் கொக்கியைச் சொல்லும். ராஜமய்யரின் தலைப்பில் இருக்கும் கொக்கியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அபவாதம் என்றால் இல்லாத பழி. பழி பொய் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். கமலாம்பாள் குற்றமற்றவள் என்பதைக் கடைசிவரை மறைத்து வைத்து வாசகரைத் தவிக்கவிட அவர் நினைக்கவே இல்லை.

முதல் நாவலுக்குப் பின்னட்டை எழுதும் யாரும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது இதுதான்: நாவலைத் தாங்கி நிற்கும் கேள்வி எது? ‘அவள் தவறு செய்தாளா’ என்பது இந்த நாவலின் கேள்வி அல்ல. ஒரு பொய், கேட்பதற்கு ஊர் முழுக்கக் காது இருக்கும்போது, எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் அதைத் தாங்கும் கேள்வி. முதல் கேள்வியை மறைத்துவைத்துப் பின்னட்டை எழுதினால், ஆசிரியர் திறந்துவைத்த கதவை மூடிவிட்டு, அவர் மூடிவைத்ததைத் தேடியதாக ஆகிவிடும். இரண்டாவது கேள்வியைப் பிடித்துவிட்டால், எதைச் சொல்லலாம் என்பதும் தானாகப் பிரிந்துவிடுகிறது. அவள் குற்றமற்றவள் என்று தாராளமாகச் சொல்லலாம். பொய் எங்கே போய் நின்றது என்பதை மட்டும் சொல்லக் கூடாது.

கேள்வி கிடைத்ததும் பலர் அதை அப்படியே கேள்வியாகவே எழுதிக் குறிப்பை முடித்துவிடுகிறார்கள். கமலாம்பாள் பழியிலிருந்து மீள்வாளா? முத்துஸ்வாமி ஐயர் மனைவியை நம்புவாரா? ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியை வாசகர் கடையில் நின்றபடியே பதில் சொல்லி முடித்துவிடுவார். அந்தப் பதில் தப்பாகவே இருந்தாலும் ஆர்வம் அங்கேயே தீர்ந்துவிடும். கேள்வி வாசகர் மனதில் பிறக்க வேண்டும், அச்சில் அல்ல. அச்சில் இருக்க வேண்டியது அந்தக் கேள்வியைப் பிறப்பிக்கும் ஒரு நிலைமை.

அடுத்து வேண்டியது இந்த நாவலில் மட்டும் இருக்கிற ஏதாவது ஒரு பொருள். ராஜமய்யர் இதில் கஞ்சத்தனமே காட்டவில்லை. ஊர்ப் பெண்கள் கூடிப் புறம்பேசுவதற்கு அவர் வைத்த பெயர் வம்பர் மகாசபை. நாவலைப் படித்தவர்கள் கதையை மறந்தாலும் இந்தப் பெயரை மறப்பதில்லை. சபை, அதிலும் மகாசபை என்ற கனமான சொல்லை வம்பின் தலையில் வைத்ததில் அவருடைய முழுக் குரலும் வந்துவிடுகிறது: ஊரைத் திட்டாமல் சிரிக்கிற குரல். பின்னட்டையின் மொழி நாவலின் மொழியிலிருந்து விலகியிருந்தால் வாசகர் வீட்டுக்குப் போய் ஏமாந்துபோவார். சிரிப்போடு எழுதிய நாவலுக்குக் கண்ணீரோடு குறிப்பு எழுதக் கூடாது. ஆகவே, எண்பது சொல்லில் இரண்டு சொல்லை இந்தப் பெயருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு மூன்றாவது முறை எழுதினால் இப்படி வருகிறது:

“சிறுகுளத்தில் முத்துஸ்வாமி ஐயர் வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர்கள் குறைவு. நிலம் இருக்கிறது, பணம் இருக்கிறது, கேலி பேசிச் சிரிக்க மனைவி இருக்கிறாள். அந்தச் சிரிப்புச் சத்தம் தம்பி மனைவி பொன்னம்மாளுக்கு மட்டும் காதில் நாராசம்.

ஊரில் வம்பர் மகாசபை கூடாத நாள் இல்லை. அதற்குச் சாட்சி வேண்டாம், ஒரு பெயர் கிடைத்தால் போதும்.

இந்த முறை கிடைத்த பெயர் கமலாம்பாள்.

வீட்டுக்குள் தொடங்கும் இந்தக் கதை வீட்டோடு நின்றுவிடுவதில்லை.”

ஐம்பது சொல்லை ஒட்டித்தான் வருகிறது, எண்பது தேவைப்படவே இல்லை. பெயர்கள் மூன்று. கமலாம்பாளின் பெயர் முதல் பத்தியில் வரவில்லை. அங்கே அவள் வெறும் மனைவி. வம்பு அவளைப் பிடிக்கும் இடத்தில்தான் அவளுக்குப் பெயர் வருகிறது, அதுவும் தனி வரியில். அட்டையின் முன்பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வாசகர் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். அதே பெயரை இந்த இடத்தில் சந்திக்கும்போது, பொழுதுபோக்காகப் பேசிய பேச்சு யார் தலையில் விழப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. புகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. எதிர்பாராத, யதார்த்தமான, விறுவிறுப்பான என்ற சொற்கள் இல்லை.

கடைசி வரி வேறு காரணத்துக்காக இருக்கிறது. இந்த நாவலின் பிற்பகுதி குடும்ப வம்பைவிட்டு நகர்ந்து வேதாந்தத்தின் பக்கம் திரும்புகிறது. விமர்சகர்கள் பலகாலமாகப் பேசிவரும் விஷயம் இது. முற்பகுதியை மட்டும் நம்பி, கொழுந்துவிட்டெரியும் குடும்பச் சண்டை என்று பின்னட்டை ஆசைகாட்டினால், அதற்காகவே வாங்கியவர் பாதியில் புத்தகத்தை மூடிவிடுவார், நண்பர்களிடம் வேண்டாம் என்பார். முதல் நாவல் எழுதியவருக்கு அது இரட்டை நஷ்டம், ஏனென்றால் அவருடைய இரண்டாவது நாவலையும் அந்த வாசகர் தொடமாட்டார். வேதாந்தம் என்று சொல்லி மிரட்டவும் தேவையில்லை. கதை வீட்டைவிட்டு வெளியே போகும் என்ற அளவுக்குச் சொல்லிவிட்டால், எங்கே போகிறது என்று பார்க்கும் மனநிலையோடு வாசகர் உள்ளே வருவார். அதற்குத்தான் அந்த வரி. உண்மையில் இந்த நான்கு பத்திகளில் எழுதக் கடினமானதும் அதுதான். கொஞ்சம் கூட்டினால் முடிவைத் தொட்டுவிடும், கொஞ்சம் குறைத்தால் எந்த நாவலுக்கும் பொருந்தும் வரியாகிவிடும். இப்போதும் அது முழுத்திருப்தி தரவில்லை. கட்டைவிரல் சோதனையில் தடுமாறும் ஒரே வரி அதுவே.

கீழே ஆசிரியர் குறிப்பு. முதல் நாவல்காரர்கள் இங்கே கூச்சத்தில் ஒன்றும் எழுதாமல் விடுவார்கள், அல்லது பட்டங்களையும் பள்ளிக்கூடப் பரிசுகளையும் அடுக்குவார்கள். வாசகர் அறிய விரும்புவது ஒன்றுதான்: இந்தக் கதையைச் சொல்ல இவருக்கு என்ன பாத்தியதை? ‘பி.ஆர். ராஜமய்யர் வத்தலக்குண்டில் பிறந்தவர். வயது 24. இந்த நாவல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. இது இவருடைய முதல் நாவல்.’ இது போதும். மதுரைப் பக்கத்துக் கிராமத்தை எழுதியவர் அந்தப் பக்கத்துக்காரர், இதழில் ஏற்கெனவே வாசகர்கள் படித்திருக்கிறார்கள் என்ற இரண்டு செய்தி அதில் இருக்கின்றன. முதல் நாவல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதியவரைக் கண்டெடுக்கும் ஆசையோடு காட்சிக்கு வரும் வாசகர்கள் உண்டு, அவர்கள் அந்தச் சொல்லைத் தேடுவார்கள்.

பெரிய எழுத்தாளர் ஒருவரின் பாராட்டு வரியைச் சேர்ப்பதா என்பது பதிப்பகங்களில் எப்போதும் நடக்கும் வாக்குவாதம். சேர்க்கலாம், அவர் நாவலைப் படித்திருந்தால். நன்னூல் சொன்ன நான்கு பேரைப்போல உள்ளே போய் வந்தவரின் வரி வேறு மாதிரி இருக்கும். அதில் நாவலின் ஏதாவதொரு பொருள் ஒட்டியிருக்கும், ஒரு பாத்திரம், ஒரு காட்சி, ஒரு பழக்கம். படிக்காமல் வாழ்த்தியவரின் வரியில் ஆசீர்வாதம் மட்டும் இருக்கும். வாசகர்கள் இரண்டையும் பிரித்தறிவதில் கெட்டிக்காரர்கள். விட்மன் செய்ததைப்போல, தனிக்கடிதத்திலிருந்தோ கைபேசிச் செய்தியிலிருந்தோ கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டால் அந்த உறவு அதோடு முடிந்துபோகும்.

எழுதி முடித்த குறிப்பைச் சோதிக்க மூன்று பேர் போதும். நாவலைப் படிக்காத இருவரிடம் அதைக் கொடுத்து, ஒரு நிமிடம் கழித்துத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “இதுல என்ன நடக்குது?” என்று கேட்க வேண்டும். ஒருவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் குறிப்பு தெளிவாக இருக்கிறது. “ஏதோ ஒரு குடும்பம், நிறைய பேரு…” என்று இழுத்தால் பெயர்கள் அதிகம். அடுத்து, “மேல என்ன தெரிஞ்சுக்கணும்னு தோணுது?” என்று கேட்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் குறிப்பு தேவைக்கு மேல் சொல்லிவிட்டது, அல்லது எதையுமே சொல்லவில்லை. மூன்றாவது ஆள் நாவலை முழுதாகப் படித்தவராக இருக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: “இதுல இருக்கிறதுல எது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா வருத்தப்பட்டிருப்பீங்க?” அவர் விரல் வைத்துக் காட்டும் வரியை யோசிக்காமல் அடித்துவிடலாம்.

பிறகு அச்சகம். புத்தகக் காட்சிக்கு முந்தைய வாரங்களில் உள்பக்கங்கள் ஃபாரம் ஃபாரமாக மெய்ப்புப் பார்க்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, ராப்பர் தனியாக வேறு கோப்பில், வேறொருவர் கணினியில் இருக்கும். உள்ளே மூன்று முறை பிழைதிருத்திய புத்தகத்தின் பின்னட்டையை யாருமே பார்க்காமல் விட்டுவிடுவது அதனால்தான். எழுத்துரு மாற்றும்போது ஒற்றெழுத்து ஒன்று விழுந்துவிடும், கொம்பு இடம் மாறும், வரி உடையும் இடத்தில் பெயர் இரண்டாகப் பிளக்கும். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது போதாது. நிஜ அளவில் ஒரு தாளில் அச்செடுத்து, ஓரங்களை வெட்டி, கைக்கெட்டும் ஒரு புத்தகத்தின்மேல் சுற்றி, நின்றபடியே ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கமலாம்பாளின் பெயர் வரும் தனி வரி மேலே இருக்கும் பத்தியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் வடிவமைப்பாளரை அழைத்து, அரை வரி வெள்ளை விடச் சொல்லலாம். பார்கோட்டை ஒரு நூல் கீழே இறக்கினால் அந்த இடம் கிடைத்துவிடும்.